112, 212, 312: ராத்தாவின் சீஆர் கொப்பி

ராத்தாவின் தையல் வேலைக்கு எந்த போஸ்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்பதைக் கொப்பி போட்டுக் கண்டுபிடித்தோம் என்று போன மாதம் ஒரு கமென்டில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு நாலைந்து பேர் இன்பாக்ஸில் வந்து விளக்கம் கேட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத பாடசாலை நாட்களில் நேரம் கிடைப்பதில்லை. லீவு நாளில் இருந்து ஒரேயடியாக எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராத்தா களனியில் வீட்டின் முன்னறையில் தைக்கிறா. அபாயா, சல்வார், பிள்ளைகளின் பார்ட்டி ஃபிரொக். மச்சானின் சம்பளம் குறைந்த பிறகு அந்த முன்னறைதான் வீட்டை ஓட்டுகிறது. ஓவர்லொக் மெஷின் ஒன்றைத் தவணைக்கு எடுத்திருந்தா. அதோடு கிழமைக்கு 2,500 ரூபா கொடுத்து ஃபேஸ்புக் பேஜின் போஸ்டுகளை பூஸ்ட் பண்ணுவா. மாதத்துக்கு 10,000. இரண்டையும் சேர்த்துக் கட்ட முடியாத நிலை வந்தபோது எதை நிறுத்துவது என்பது பேச்சானது. மெஷினைத் திருப்பிக் கொடுத்தால் வேலை பாதியாகிவிடும். பூஸ்டை நிறுத்தினால் ஆட்கள் வராமல் போய்விடுவார்களோ என்று பயம்.

"ஃபோன் அடிச்சிட்டே ஈக்குது தங்கச்சி, அதெல்லாம் பூஸ்ட்லதானே வருது" என்றா ராத்தா. வருகிறதுதானா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஃபோன் அடிப்பதை எல்லாரும் கேட்கிறோம். அந்த ஃபோன் எங்கிருந்து புறப்பட்டது என்று யாருக்கும் தெரியாது.

கடைக்காரர் பலர் இதற்குத் தள்ளுபடிக் குறியீடு கொடுப்பார்கள். இந்தச் சொல்லைச் சொன்னால் பத்து வீதம் குறைவு என்று போடுவார்கள். தையலுக்கு அது சரிவராது. இருக்கிற இலாபமே சிறிது. அத்தோடு தள்ளுபடிச் சொல் ஒன்று வெளியே போனால் அது குடும்பம் முழுக்கச் சுற்றும். ஃபேஸ்புக்குக்கு என்று கொடுத்த சொல்லை, ஃபேஸ்புக்கே பார்க்காத மாமியும் வந்து சொல்லுவா. கடைசியில் அந்தச் சொல் எந்த இடத்தையும் காட்டாது.

நாங்கள் செய்தது மாதிரி இலக்கம். தையல்காரரிடம் ஒரு படத்தைக் காட்டிக் கேட்பவர் எப்படியும் "அந்த இத்தனையாம் நம்பர் அபாயா என்ன விலை?" என்றுதானே கேட்பார்? அந்த நம்பருக்குள்ளேயே இடத்தை ஒளித்து வைத்தோம். மூன்று இலக்கம். பின்னால் உள்ள இரண்டும் உடுப்பின் மாதிரி. முன்னால் உள்ள ஒன்று படம் போட்ட இடம். பன்னிரண்டாம் மாதிரி அபாயா ஃபேஸ்புக் பேஜில் 112. களனிப் பக்கத்துப் பெண்களின் ஃபேஸ்புக் குரூப்பில் அதே படம் 212. ராத்தாவின் வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 312. கொட்டாஞ்சேனையில் ஒரு வகுப்புத் தாய்மாரின் வட்ஸ்அப் குரூப்பில் 412. ஒரே அபாயா, ஒரே விலை, நாலு நம்பர். கேட்பவருக்கு இது ஒரு குறியீடு என்று தெரியவே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இது நாங்கள் கண்டுபிடித்த வித்தையல்ல. அமெரிக்காவில் பத்திரிகை விளம்பரத்தோடு கூப்பன் அச்சிட்டவர்கள் நூறு வருடத்துக்கு முன்பே இதைச் செய்தார்கள். ஒவ்வொரு பத்திரிகையின் கூப்பனிலும் முகவரியில் வேறு வேறு பிரிவு எண் இருக்கும். வெட்டி அனுப்பிய கூப்பனைப் பார்த்தால் எந்தப் பத்திரிகை வேலை செய்தது என்று தெரிந்துவிடும். கிளாட் ஹொப்கின்ஸ் என்ற விளம்பரக்காரர் 1923இல் எழுதிய 'சயன்டிஃபிக் அட்வடைசிங்' என்ற சிறிய புத்தகம் முழுக்க முழுக்க இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

எழுத்தைப் போடாமல் இலக்கத்தைப் போட்டதற்குக் காரணம் உண்டு. ஃபோனில் 'பி' எது, 'டி' எது என்று கேட்காது. இலக்கத்தை எந்த மொழியிலும் சொல்லலாம். களனியில் வருபவர்களில் பாதிக்கு மேல் சிங்களவர்கள். "எக்கசிய தொளஹ" என்று அவர்கள் சொன்னால் ராத்தா 112 என்று எழுதிக்கொள்வா.

நம்பரை எங்கே போடுவது என்பதும் முக்கியம். படத்துக்குக் கீழே எழுதினால் போதாது. படத்தின் மூலையிலேயே, பெரிதாக, படத்தின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். வட்ஸ்அப்பில் படம் மட்டும் தனியாகப் பிரிந்து ஊர் சுற்றும், எழுத்து பின்னால் நின்றுவிடும். ராத்தாவின் மகள் ஃபோனிலேயே ஒவ்வொரு படத்தையும் நாலு பிரதி எடுத்து, நாலு நம்பர் எழுதி வைத்துக்கொண்டா. புதுப் படத்துக்கு ஐந்து நிமிட வேலை.

பேஜில் போடும் போஸ்டுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. வட்ஸ்அப்புக்கு நேராகப் போகும் லிங்க் ஒன்று, அதற்குள் முன்கூட்டியே எழுதிய செய்தி. அதை அழுத்துபவரின் ஃபோனில் "112 price" என்று ஏற்கெனவே எழுதப்பட்டு இருக்கும், அவர் அனுப்புவதை மட்டும் அழுத்தினால் போதும்.

```
https://wa.me/94XXXXXXXXX?text=112%20price
```

X உள்ள இடத்தில் உங்கள் ஃபோன் நம்பர். முன்னால் வரும் 0 வேண்டாம், + அடையாளமும் வேண்டாம், 94இல் தொடங்க வேண்டும். %20 என்பது சொற்களுக்கு இடையில் வரும் இடைவெளி. செய்தியைத் தமிழிலும் போடலாம், ஆனால் லிங்க் வால் போல நீண்டுவிடும். சிலர் அந்தச் செய்தியை அழித்துவிட்டு வெறும் "ஹலோ" அனுப்புவார்கள். அவர்களிடம் "எந்த நம்பர் பார்த்தீங்க?" என்று கேட்டாலே பெரும்பாலும் வந்துவிடும்.

இனி கேள்வி. நம்பர் காட்டுவது கடைசியாக எந்தப் படத்தைப் பார்த்து ஃபோனைத் தூக்கினார்கள் என்பதை மட்டும்தான். முதலில் எங்கே எங்களை அறிந்தார்கள் என்பதை அது சொல்லாது. அதனால் அட்வான்ஸ் காசு வாங்கும் நேரத்தில், ரசீது எழுதுவதற்கு முன்னால், ராத்தா ஒரே ஒரு கேள்வி கேட்பா.

முதலில் "எங்களப் பத்தி எப்படித் தெரியும்?" என்று கேட்டுப் பார்த்தா. வந்த பதில் எல்லாம் "ஃபேஸ்புக்". வட்ஸ்அப்பில் பார்த்தவரும் ஃபேஸ்புக் என்றார், அக்கம்பக்கத்தவரும் ஃபேஸ்புக் என்றார். பலருக்கு ஃபோனில் பார்ப்பது எல்லாமே ஃபேஸ்புக்தான். பிறகு கேள்வியை மாற்றினோம்: "எங்கட தையலை முதல்முதல்ல எங்க கண்டீங்க, இல்லாட்டி யார் சொன்னாங்க?" 'யார்' என்ற சொல் வந்ததும் ஆட்கள் நின்று யோசிக்கிறார்கள். மச்சி சொன்னா, கல்யாண வீட்டில் பார்த்தேன் என்றெல்லாம் அப்போதுதான் வருகிறது. பதில்களை முன்னால் வைத்து ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்லவும் கூடாது. அவசரத்தில் இருப்பவர் முதலில் சொன்னதையே பிடித்துக்கொள்வார். பரீட்சையில் பல்தேர்வு வினாவுக்குப் படிக்காமல் வரும் பிள்ளைகளைப் போல.

கேள்வியை விலை கேட்கும்போது கேட்கவே கூடாது. வாங்குவோமா வேண்டாமா என்று இருப்பவருக்கு அது விசாரணை மாதிரி இருக்கும். காசு கைமாறிய பிறகு கேட்டால் கதையாகச் சொல்லுவார்கள்.

கொப்பி, 120 பக்க சீஆர் கொப்பி ஒன்று. வட்ஸ்அப் பிஸ்னஸில் லேபிள் போடலாமே என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். போடலாம். ஆனால் ராத்தாவுக்கு ஃபோன் அழைப்பும் வரும், வாசலுக்கு நேராக வருபவர்களும் உண்டு. எல்லாம் ஓரிடத்தில் விழ வேண்டும் என்றால் மெஷினுக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கும் பேனையும் கொப்பியும்தான். வகுப்பு இடாப்பு மாதிரி கோடு அடித்துக் கொடுத்தேன். திகதி, ஃபோன் நம்பரின் கடைசி நாலு இலக்கம், சொன்ன மாதிரி நம்பர், ஊர், கேள்விக்கு வந்த பதில், ஓடர் ஆனால் தொகை. கடைசி நாலு இலக்கம் எதற்கென்றால், ஒரே ஆள் மூன்று தரம் விலை கேட்டால் மூன்று பேராக எண்ணாமல் இருப்பதற்கு. முழு நம்பரும் பெயரும் கொப்பியில் வேண்டாம், வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லாம் புரட்டிப் பார்க்கிற இடம் அது. பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும் என்பது ஒரு கண்டிப்பு. கேட்க மறந்தால் அந்தக் கட்டத்தில் சின்னக் கோடு. பிறகு யோசித்து நிரப்பக் கூடாது என்பது இரண்டாவது கண்டிப்பு.

பெருநாள் ஓடர்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் தொடங்கினோம். பெருநாளுக்கு முந்திய கிழமைகளில் எதைப் போட்டாலும் ஆள் வரும், அந்தக் கணக்கு எதற்கும் உதவாது. ஆறு கிழமை எழுதினோம்.

விசாரித்தவர்கள் மொத்தம் 94 பேர். 1இல் தொடங்கும் நம்பரைச் சொன்னவர்கள் 41. 2இல் 12, 3இல் 14, 4இல் 9. நம்பரே சொல்லாதவர்கள் 18. இதோடு நிறுத்தியிருந்தால் ராத்தா சொன்னது சரி. பூஸ்ட் போட்ட பேஜ்தான் முன்னால் நிற்கிறது.

ஆனால் கொப்பியின் கடைசிக் கட்டத்துக்கு வாருங்கள். ஓடர் ஆனது 31. அதில் பேஜிலிருந்து வந்த 41 பேரில் ஓடர் கொடுத்தவர்கள் 5. களனிக் குரூப்பின் 12 பேரில் 4. ஸ்டேட்டஸின் 14 பேரில் 8. கொட்டாஞ்சேனைத் தாய்மாரின் 9 பேரில் 5. நம்பர் சொல்லாத 18 பேரில் 9.

41க்கு 5 ஏன்? ஊர் என்ற கட்டத்தில் பதில் இருந்தது. அந்த 41 பேரில் 24 பேர் கண்டி, குருநாகல், புத்தளம், மட்டக்களப்பு என்று தூர இடத்தவர்கள். ராத்தா அளவு எடுத்துத் தைப்பவ, தயார் உடுப்பு அனுப்புபவ அல்ல. அவர்கள் விலை கேட்பார்கள், படம் கேட்பார்கள், துணி அனுப்பலாமா என்று கேட்பார்கள், பிறகு அமைதியாகிவிடுவார்கள். இரவு பதினொரு மணிக்கு ராத்தா பதில் எழுதிக்கொண்டிருந்தது அதிகமும் இவர்களுக்குத்தான். பூஸ்ட் போடும்போது எந்த மாவட்டத்தவருக்குக் காட்டுவது என்று தெரிவுசெய்ய இடம் இருக்கிறது. போட்டுக் கொடுத்த பொடியன் முழு இலங்கைக்கும் விட்டிருந்தான். பக்கத்தில் இருந்து கேட்ட 17 பேரை மட்டும் எடுத்தால் 5 ஓடர் என்பது அவ்வளவு மோசமில்லை, குரூப்பின் அளவுக்கு வருகிறது.

இனி கேள்வியின் பதில்கள். 31இல் 27 பேரிடம் கேட்டு எழுதப்பட்டிருந்தது, நாலு கட்டத்தில் கோடு. பேஜ் நம்பரைச் சொன்ன ஐந்து பேரில் மூன்று பேர் பேஜில்தான் முதலில் பார்த்திருக்கிறார்கள். மற்ற இரண்டு பேருக்கு ஏற்கெனவே சொந்தக்காரர் சொல்லியிருக்கிறார்கள், பிறகு பேஜைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். பூஸ்ட் இல்லாவிட்டாலும் அவர்கள் வந்திருப்பார்கள். ஸ்டேட்டஸின் எட்டில் ஆறு பேர் ஏற்கெனவே ராத்தாவிடம் தைத்தவர்கள். யோசித்தால் அது அப்படித்தான் இருக்க முடியும். ஸ்டேட்டஸைப் பார்க்க இரண்டு பேரும் ஒருவர் நம்பரை ஒருவர் சேமித்திருக்க வேண்டும். ஆகவே ஸ்டேட்டஸ் புது ஆளைக் கொண்டு வருவதில்லை, பழைய ஆளைத் திருப்பிக் கொண்டு வருகிறது. அது நல்ல வேலைதான், ஆனால் வேறு வேலை. அந்த வரிகளுக்குப் பக்கத்தில் 'ப' என்று போட்டு வைத்தோம்.

எனக்கு மிகவும் ஆச்சரியம் தந்தது நம்பர் சொல்லாத ஒன்பது பேர். அதில் நாலு பேர் ஒரே மாதிரிப் பதில் சொல்லியிருந்தார்கள். வெள்ளவத்தையில் துணி எடுத்த கடையில் நிற்கும் பிள்ளை, "களனியில ஒருத்தர் நல்லாத் தைக்கிறாங்க" என்று சொல்லி நம்பர் கொடுத்திருக்கிறா. ராத்தா அந்தக் கடையில் துணி வாங்குவா, அவ்வளவுதான். அங்கே யாரும் படம் ஒட்டவில்லை, காசு கொடுக்கவில்லை. எங்கள் நாலு நம்பருக்குள் அந்தக் கடை இல்லவே இல்லை. குறியீடு நாம் போட்ட இடங்களை மட்டும் எண்ணும். நாம் நினைக்காத இடத்தைக் காட்டியது அந்தக் கேள்விதான். மிச்சத்தில் இரண்டு பேர் கல்யாண வீட்டில் உடுப்பைப் பார்த்தவர்கள், ஒருவர் ஃபேஸ்புக், இரண்டு கோடு.

காசுக் கணக்கு இது. ஆறு கிழமைக்கு பூஸ்ட் 15,000. ஐந்து ஓடருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 3,000. பேஜில் முதலில் பார்த்த மூன்று பேருக்கு மட்டும் பிரித்தால் 5,000. நூல், பட்டன், கரண்ட் எல்லாம் போக ஒரு தையலில் ராத்தாவின் கையில் நிற்பது சராசரியாக 1,800.

"ஐஞ்சு பேர வெச்சு முடிவெடுக்கலாமா? அடுத்த மாசம் எட்டுப் பேர் வந்தா?" என்று மச்சான் கேட்டார். சரியான கேள்வி. ஐந்து என்பது சிறிய எண், அது அதிர்ஷ்டத்தில் மூன்றாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். அதனால் எட்டு என்றே வைத்துப் பார்த்தோம். 15,000ஐ எட்டால் பிரித்தால் 1,875. அப்போதும் கையில் நிற்கும் 1,800 போதாது. நல்ல பக்கம் எடுத்தாலும் கெட்ட பக்கம் எடுத்தாலும் முடிவு மாறாவிட்டால் எண் சிறிதாக இருப்பது தடையில்லை. மாறாக, களனிக் குரூப்பின் 4 ஓடரையும் கொட்டாஞ்சேனையின் 5 ஓடரையும் வைத்து எது சிறந்தது என்று ராத்தா கேட்டபோது, அதைச் சொல்ல முடியாது என்றேன். நாலுக்கும் ஐந்துக்கும் இடையில் ஒன்றும் இல்லை.

அப்படியும் பூஸ்டை நிரந்தரமாக நிறுத்தச் சொல்லவில்லை. நாலு கிழமைக்கு நிறுத்திப் பார்ப்போம் என்றேன். பேஜில் படத்தைப் பார்த்த ஒருவர் அடுத்த கிழமை குரூப் படத்தின் நம்பரைச் சொல்லி வரலாம். அப்படியானால் பூஸ்டின் பலன் 2இல் தொடங்கும் வரிகளில் ஒளிந்திருக்கும், கொப்பியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நிறுத்தினால்தான் தெரியும். வெள்ளவத்தைக் கடையில் ஒரு மாதிரி உடுப்பைத் தொங்கவிடலாம் என்று ராத்தா அவசரப்பட்டா. அதைத் தள்ளிப்போடச் சொன்னேன். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் ஏறினாலும் இறங்கினாலும் எதனால் என்று தெரியாமல் போய்விடும்.

அந்த நாலு கிழமையில் விசாரித்தவர்கள் 38. கிழமைக்குப் பதினாறு அளவில் இருந்தது ஒன்பது, பத்தாகக் குறைந்தது. ஓடர் 19. முன்பு கிழமைக்கு ஐந்து சொச்சம், இப்போது ஐந்துக்குச் சற்றுக் குறைவு. முதல் கிழமை ஃபோன் அடிக்காமல் இருந்தபோது ராத்தாவுக்கு முகமே சரியில்லை. மூன்றாம் கிழமை கொப்பியைக் கூட்டிப் பார்த்த பிறகு பேச்சு மாறியது. மெஷின் தவணை அந்த மாதம் திகதிக்கே கட்டப்பட்டது.

கொப்பியின் குறைகளையும் சொல்ல வேண்டும். பேஜில் இருந்த 118ஐ யாரோ எடுத்துக் கொட்டாஞ்சேனைக் குரூப்பில் போட்டுவிட்டார்கள். ஒரே நாளில் அந்தப் பக்கத்திலிருந்து நாலு பேர் 118 கேட்டு வந்தபோதுதான் பிடிபட்டது. ஒரு நம்பர் திடீரென்று ஓர் ஊரிலிருந்தே வருகிறது என்றால் படம் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று, வேலை கூடிய நாட்களில்தான் கோடுகள் விழுகின்றன. எங்கள் நாலு கோடுகளும் சனிக்கிழமைகளில். சனிக்கிழமை வருபவர்கள் வேலைக்குப் போகும் பெண்கள். ஆகவே யாரைப் பற்றி எங்களுக்குக் குறைவாகத் தெரிகிறது என்றால் அவர்களைப் பற்றித்தான். இப்போது சனிக்கிழமைகளில் மகள் கொப்பியோடு உட்காருகிறா.

நாலு கிழமை முடிந்த பிறகு வெள்ளவத்தைக் கடையில் ஒரு அபாயா தொங்குகிறது, கழுத்தில் 512 என்று சின்ன அட்டை. அந்தப் பிள்ளைக்கு ஓடர் ஒன்றுக்கு 200 ரூபா என்று ராத்தா பேசிக்கொண்டா. முதலில் வேண்டாம் என்றிருக்கிறா, பிறகு வாங்கிக்கொண்டா. முதல் கிழமையில் மூன்று பேர் 512 என்று வந்தார்கள். அதில் ஒருவருக்குப் பதில் கட்டத்தில் ராத்தா எழுதியிருப்பது: "கடைல கண்டது. ஆனா மாமி முந்தியே சொன்னா."

பூஸ்டை அடுத்த மாதம் ஒரு கிழமைக்கு மட்டும், கொழும்பு, கம்பஹா மாவட்டங்களுக்கு மட்டும் போட்டுப் பார்க்க இருக்கிறோம். அந்தப் படங்களுக்கு 6இல் தொடங்கும் நம்பர். கோடு அடித்த பக்கத்தின் படம் வேண்டுமானால் கமென்டில் சொல்லுங்கள், போடுகிறேன்.